ஆண்டறிக்கை 2013–14: தந்தி அலுவலகத்துக்கு விடை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற தந்தி ஊழியர் சங்கத்தின் உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஓய்வூதிய மனுக்களும் உறுப்பினர் சேர்க்கையும் வழக்கம்போல நடந்தன. இந்த ஆண்டு நான் நின்று பேச வேண்டியது ஒன்றுதான். 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தொடங்கிய தந்தி, 14.7.2013 ஞாயிறு இரவோடு நாடு முழுவதும் நின்றது. நம் ஊர் அலுவலகமும் அன்றே மூடப்பட்டது. பணியில் இருந்தவர்களை பி.எஸ்.என்.எல். வேறு பிரிவுகளுக்கு மாற்றிவிட்டது.

கடைசி நாள் கவுன்டரில் நல்ல கூட்டம். நினைவுக்காகத் தங்கள் வீட்டு முகவரிக்கே தந்தி கொடுத்தவர்கள் பலர். தந்தியை ஓசையாகத் தரும் சவுண்டர் கருவிக்குப் பின்னால் காலி சிகரெட் டின்னை வைத்து ஓசையைக் கூட்டிக் கேட்டு எழுதிய மோர்ஸ் காலத்து மூத்தவர்களும் வந்திருந்தார்கள். கல்யாண வாழ்த்துக்கு 8 என்ற எண்ணை அனுப்பினால் போதும், மறுமுனையில் முழு வாக்கியமாக எழுதிக்கொள்வோம் என்று பிள்ளைகளுக்கு விளக்கினார்கள். வாழ்த்துச் சொல்ல இன்று கைப்பேசி இருக்கிறது. அதற்காக நான் வருந்தவில்லை.

என் வருத்தம் வேறு. ஒருவரை இரவில் போலீசார் அழைத்துப் போய்விட்டால், வக்கீல் சொல்லி அவர் வீட்டார் ஓடிவந்தது நம் கவுன்டருக்குத்தான். கலெக்டர், எஸ்.பி., உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி என மூவருக்கும் ஒரே செய்தி: ‘என் கணவரை நேற்றிரவு பிடித்துச் சென்றனர், எங்கே என்று தெரியவில்லை.’ படிவத்தை வாங்கி, சொற்களை எண்ணி, நேரம் குறித்து, ரசீது தருவோம். இரண்டு நாள் கழித்துக் கைது செய்ததாகக் காவல் நிலைய ஏட்டில் எழுதப்பட்டால், ஆட்கொணர்வு மனுவில் அந்தத் தந்தியின் நேரம் பேசும். அதைக் குறித்தவர் இரு தரப்புக்கும் சேராத ஊழியர்.

கொடுத்த செய்தியே போய்ச் சேர்ந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றது சாட்சியச் சட்டத்தின் 88ஆவது பிரிவு. கொடுத்தவர் யார் என்பதை மட்டும் அனுமானிக்கக் கூடாது என்றது. அதனால் விவரமான வக்கீல்கள், அனுப்பியவர் கைப்பட எழுதிய மூலப் படிவத்தைச் சீக்கிரமே கேட்டு வரவழைப்பார்கள். தாமதித்தால் பாதுகாக்கும் கெடு முடிந்து படிவம் அழிக்கப்பட்டுவிடும்.

இந்த இடத்தை இன்னும் எதுவும் நிரப்பவில்லை. பதிவுத் தபால் ரசீது உறை போனதைக் காட்டும், உள்ளே இருந்ததைக் காட்டாது. ஃபேக்ஸ் சீட்டில் இருப்பது அனுப்புபவரின் இயந்திரம் போட்ட நேரம். அதை மாற்றிவைக்க முடியும்.

ஆகவே, திறந்த செய்தியை அஞ்சலகக் கவுன்டரில் வாங்கி, நகலில் நேரமுத்திரை இட்டுத் தரும் ஏற்பாடு வேண்டும் என அஞ்சல் துறைக்கு எழுத நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. அத்தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்