கண்காட்சி முடிந்தபின் கூடியிருந்து பேசியவர்களுக்கு

கிளிநொச்சியில் நடந்த சிறுவர் புத்தகக் கண்காட்சிக்கு உதவியவர்களுக்கு அன்றே மேடையில் நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல், பந்தல் கழற்றிய பிறகும் நேரம் ஒதுக்கி, அந்த வாரமே சனசமூக நிலையத்தில் நடந்த மீளாய்வுக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு.

முதல் நன்றி கூட்டத்தை நடத்தித் தந்த ரீச்சருக்கு. அவர் எங்கள் குழுவில் இல்லாதவர். அதனால்தான் அவரைக் கேட்டோம். பொறுப்பாக இருந்தவரே கேள்வி கேட்டால் பதில் அவருக்கு ஏற்றமாதிரித்தான் வரும். என்ன நடக்கவேண்டுமென்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் மாறியது, அடுத்தமுறை என்ன செய்வது என்று வரிசையாகக் கேட்டார். வயதில் குறைந்த தம்பி தங்கச்சிமாரை முதலில் பேசவைத்தார். மூத்தவர்கள் சொன்னபிறகு அவர்கள் எதிர்த்துச் சொல்லமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

மதியச் சாப்பாட்டு விசயத்துக்குத்தான் அதிக நேரம் போனது. 300 பார்சல் எடுத்தும் கடைசியாக நின்ற 40 பேருக்குக் கிடைக்கவில்லை. சமைத்த இடத்தில் குறைத்து அனுப்பிவிட்டார்கள் என்றுதான் அன்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சமையல் அக்கா கோபிக்காமல் கூட்டத்துக்கு வந்து, பார்சல் ஏற்றிய கணக்கைக் காட்டினார். 300 சரியாக இருந்தது. வாசலில் பதிவு எழுதிய தங்கச்சியின் கொப்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பிள்ளைகளின் தொகையும் சரி. அப்போது ஓட்டோ அண்ணா ஒருவர், “பஸ்ஸில வந்த பெரியாக்களை எண்ணினீங்களோ?” என்று கேட்டார். அதுதான் விடை. பாடசாலைகளுக்கு அனுப்பிய படிவத்தில் மாணவர் எத்தனை பேர் என்று மட்டுமே இருந்தது. மல்லாவியிலிருந்தும், ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வந்து ஏ9 வீதியாலும் பிள்ளைகளைத் தனியே அனுப்ப முடியாது. ஆசிரியர், தாய்மார், சாரதி, உதவியாளர் எல்லோரும் வந்திருந்தார்கள்.

அக்கா அன்று வராமல் விட்டிருந்தால், “அடுத்தமுறை வேறு ஆளிடம் சமையல் கொடுப்போம்” என்று எழுதியிருப்போம். அதே குறை திரும்பவும் வந்திருக்கும். அவருக்கும் அந்த அண்ணாவுக்கும் நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இப்போது படிவத்தில் கூடவரும் பெரியவர்களுக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறோம். கண்காட்சிக்கு முதல்நாள் மாலை 4 மணிக்கு ஒவ்வொரு பாடசாலைக்கும் அழைத்துத் தொகையை உறுதிசெய்யும் பொறுப்பை வாசலில் பதிவு எழுதிய தங்கச்சியே கேட்டு வாங்கிக்கொண்டார். “சாப்பாடு சரியாகத் திட்டமிட வேண்டும்” என்று முதலில் எழுதியதை ரீச்சர் அடிக்கச் சொன்னார். யார், எப்போது, எதை என்று இல்லாத வரியை ஒருவரும் செய்யமாட்டார்கள் என்றார்.

தண்ணீர், ஒலிபெருக்கி, நிழல் பற்றிய குறிப்புகளையும் பொறுமையாக எழுதித்தந்த தம்பிக்கு நன்றி. குறிப்புக் கொப்பி நூலக அலுமாரியில் இருக்கிறது. அடுத்த கண்காட்சியின் முதற்கூட்டம் அதை வாசித்துத்தான் தொடங்கும். அதற்கும் நீங்கள் எல்லோரும் வரவேண்டும்.

அன்புடன்,
ஏற்பாட்டுக் குழு சார்பில்