37.1 ஓவரோடு கணக்கு முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நெட் ரன் ரேட் பற்றி வந்த விளக்கத்தில், 2023 ஆசியக் கோப்பையில் லாகூரில் நடந்த இலங்கை – ஆப்கானிஸ்தான் ஆட்டம் உதாரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆப்கானிஸ்தான் 37.1 ஓவருக்குள் 292 எடுக்க வேண்டும், எடுக்கவில்லை, வெளியேறியது என்று அதை முடித்துவிட்டீர்கள். அன்று ஆப்கன் அணியும் அப்படித்தான் நினைத்தது. அதுதான் தவறு.

இலங்கை 50 ஓவரில் 291. வெல்ல 292 ரன், 300 பந்து. தேவைப்படும் ரன் ரேட் என்பது மீதமுள்ள ரன்னை மீதமுள்ள பந்தால் வகுத்து ஆறால் பெருக்குவது, அவ்வளவுதான். அதன்படி தொடக்கத்தில் 5.84. ஆனால் ஆப்கானிஸ்தானுக்கு வெற்றி மட்டும் போதாது. வென்றால் பிரிவில் இருந்த இலங்கை, வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் ஆளுக்கு ஒரு வெற்றியோடு சமமாகும்; நெட் ரன் ரேட்டில் முதல் இரண்டு அணிகள்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். 37.1 ஓவர் என்றால் 223 பந்து. அந்தக் கணக்கில் அவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது 7.86. 37 ஓவர் முடிவில் ஸ்கோர் 289. ஆட்டத்தை வெல்ல 78 பந்தில் 3 ரன், அதாவது ஓவருக்கு கால் ரன்கூட இல்லை. அடுத்த சுற்றுக்குப் போகவோ ஒரே பந்தில் 3 ரன்.

இந்த 37.1 எங்கிருந்து வந்தது? நெட் ரன் ரேட் என்பது தொடர் முழுக்க ஒரு அணி அடித்த மொத்த ரன்னை ஆடிய மொத்த ஓவரால் வகுத்து, அதிலிருந்து விட்டுக்கொடுத்த ரன்னை வீசிய ஓவரால் வகுத்துக் கழிப்பது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுத்தால் விடை தப்பும். ஆல் அவுட் ஆன அணிக்கு, எத்தனை ஓவரில் சுருண்டாலும், முழு 50 ஓவர் கணக்கு. முந்தைய ஆட்டத்தில் வங்கதேசத்திடம் ஆப்கானிஸ்தான் 44.3 ஓவரில் 245க்குச் சுருண்டது. கணக்கில் அது 50 ஓவர். பலர் இடறும் இன்னொரு இடம், 37.1 என்பதைக் கால்குலேட்டரில் அப்படியே போடுவது. புள்ளிக்குப் பின்னால் இருப்பது பந்து. ஆறில் ஒரு பங்கு, எனவே 37.167 என்று போட வேண்டும்.

இனி எண்களைப் போடுவோம். ஆப்கானிஸ்தான் இரண்டு ஆட்டத்திலும் விட்டுக்கொடுத்தது 334 + 291 = 625 ரன், 100 ஓவர்; 6.25. இலங்கை அடித்தது 165 + 291 = 456 ரன், 39 + 50 = 89 ஓவர்; 5.124. வங்கதேசத்தை அது 164க்குச் சுருட்டியிருந்ததால் வீசியதும் 50 ஓவர் என்றே கணக்கு. 37.1 ஓவரில் 292 வந்திருந்தால் ஆப்கானிஸ்தானுக்கு 537 ÷ 87.167 − 6.25 = −0.089. இலங்கைக்கு 5.124 − 456 ÷ 87.167 = −0.108. ஆப்கானிஸ்தான் உள்ளே. ஒரு பந்து தள்ளி 37.2 என்றால் −0.101க்கு எதிராக −0.098, இலங்கை உள்ளே. வங்கதேசம் 0.373 என்று எட்டாத உயரத்தில் இருந்ததால் போட்டி இந்த இருவருக்குள்தான்.

இங்கேதான் கட்டுரை நின்றுவிட்டது. 292க்குத்தான் 37.1 கெடு. வெற்றி ரன் பவுண்டரியாகவோ சிக்ஸராகவோ வந்தால் ஸ்கோர் 292ஐத் தாண்டி நிற்கும், அந்த உபரி ரன்னும் கணக்கில் சேரும். அதே சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 293 என்றால் 37.2 வரை, 294க்கு 37.3, 295க்கு 37.5, 296க்கு 38, 297க்கு 38.1 வரை நேரம் இருந்தது.

37.1வது பந்தில் முஜீப் அவுட். ஸ்கோர் 289, ஒன்பது விக்கெட். மறுமுனையில் ரஷீத் கான், 16 பந்தில் 27. கடைசி ஆட்டக்காரர் ஃபரூக்கி ஒரு ரன் ஓடி அடுத்த பந்தை ரஷீத் ஆட விட்டிருந்தால் 290. அந்த ஓவர் முடிவதற்குள் ரஷீத் ஒரு சிக்ஸர் அடித்தால் 296, அது போதும். இருவரும் ஒவ்வொரு ரன் எடுத்து 291 ஆகி, 38.1வது பந்தில் சிக்ஸர் விழுந்திருந்தாலும் 297, அதுவும் போதும். தங்களுக்கு 37.1 மட்டுமே சொல்லப்பட்டது, மற்ற வாய்ப்புகள் சொல்லப்படவில்லை என்று பயிற்சியாளர் ஜோனதன் ட்ராட் ஆட்டம் முடிந்தபின் சொன்னார். வாய்ப்பு போய்விட்டது என்ற நினைப்பில் ஃபரூக்கி இரண்டு பந்தை ரன் எடுக்காமல் தடுத்து ஆடி, மூன்றாவதில் எல்.பி.டபிள்யூ. ஆனார். 37.4 ஓவரில் 289. இரண்டு ரன்னில் தோல்வி. ஆல் அவுட் என்பதால் அந்த 37.4ம் 50 ஓவராகி, நெட் ரன் ரேட் −0.910க்கு இறங்கியது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை