சண்டையிட்ட இருவருக்கும் நீ அனுப்பப்போகும் மெயில்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய டிராஃப்டைப் படித்தேன். டெவலப்பரையும் டெஸ்டரையும் உட்காரவைத்துப் பேசலாம் என்று நினைத்தது நல்ல முடிவு. ஆனால் மெயிலை இப்படியே அனுப்பிவிடாதே. புதிதாக டீம் லீட் ஆன வேறு சிலருக்கும் பயன்படும் என்பதால், நீ சரி என்றபிறகு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

"உங்கள் இருவருக்கும் இடையிலான ஈகோ பிரச்சினையால்" என்று ஆரம்பித்திருக்கிறாய். படித்ததும் இருவருமே, 'ஈகோ எனக்கில்லை, அவருக்குத்தான்' என்றுதான் நினைப்பார்கள். அடுத்த வரியில் டெஸ்டரின் மனவருத்தத்தைச் சொல்கிறாய். உன்னிடம் முதலில் வந்து பேசியது யார் என்று டெவலப்பருக்கு அங்கேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீ நடுவில் நிற்கிறாய் என்று அவர் நம்பமாட்டார். யார் எப்படிப்பட்டவர் என்பதை விட்டுவிட்டு, இருவரும் மறுக்க முடியாத நடப்பை மட்டும் எழுது. ஒரே மெயில், இருவர் பெயரும் To-வில். மேனேஜரையோ எச்.ஆரையோ CC-யில் போடாதே. போட்டால் அது அழைப்பாக இருக்காது, மெமோ ஆகிவிடும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"இருவருக்கும் வணக்கம். போன ரிலீஸில் ஒரே பக் டிக்கெட் மூன்று முறை மூடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. அதையொட்டி டீம் குரூப்பில் கடுமையான வார்த்தைகள் வந்தன. அதன்பிறகு நீங்கள் இருவரும் நேரடியாகப் பேசாமல் என் வழியாகவே பேசுகிறீர்கள். ஒரு பக் எப்போது முடிந்ததாகக் கணக்கு என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். புதன் மாலை 3 மணி முதல் 4 வரை, இரண்டாம் மாடி சிறிய அறை. பேச்சை நடத்தித் தருபவர் வேறொரு டீமின் லீட். யார் சரி என்று அவர் தீர்ப்பு சொல்லமாட்டார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. பதில் சொல்வதற்கு முன், கேட்டதைத் தன் வார்த்தையில் ஒருமுறை சொல்ல வேண்டும். நடந்ததைப் பற்றிப் பேசலாம், ஆளின் குணத்தைப் பற்றி வேண்டாம். யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிட இடைவேளை கேட்கலாம். ரெக்கார்டிங் கிடையாது. இதில் சேர்க்கவோ மாற்றவோ வேண்டியது இருந்தால் செவ்வாய்க்குள் என்னிடம் மட்டும் சொல்லுங்கள். இந்த நேரமோ இந்த முறையோ ஒத்துவரவில்லை என்றாலும் சொல்லுங்கள்."

பேச்சை நீயே நடத்தாதே. அப்ரைசல் எழுதுபவன் நீ. உன் எதிரில் இருவரும் நல்ல பெயர் வாங்கத்தான் பேசுவார்கள். அறையையும் யோசித்துப் பார். நடுக்கூடத்துக் கண்ணாடி அறை என்றால் மொத்த டீமும் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார் என்றால் இருவருமே வீடியோவில் சேரட்டும். ஒருவர் அறையிலும் ஒருவர் திரையிலும் இருந்தால் திரையில் இருப்பவர் தனித்துப் போவார்.

விதிகளில் 'மரியாதையாகப் பேச வேண்டும்' என்று நீ எழுதியிருந்ததை எடுத்துவிட்டேன். மீறினாரா இல்லையா என்று அதை வைத்தே இன்னொரு சண்டை வரும். குறுக்கே பேசினாரா என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

'இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது' என்ற வரியும் வேண்டாம். அந்த வாக்கை உன்னால் காப்பாற்ற முடியாது. மிரட்டலோ பாலியல் தொல்லையோ பேச்சில் வெளிவந்தால் நீ சும்மா இருக்க முடியாது. "இருவரும் ஒப்புக்கொண்ட முடிவை மட்டும் டீமுக்குச் சொல்வேன், பேசியது அப்ரைசலில் வராது, யாருடைய பாதுகாப்பாவது சம்பந்தப்பட்டால் மட்டும் மேலே தெரிவிக்க வேண்டியிருக்கும்" என்று எழுது.

மெயிலுக்கு முன்னால் இருவரிடமும் தனித்தனியாக ஒரு கால் மணி நேரம் பேசிவிடு. மெயிலில்தான் முதன்முதலாகத் தெரிந்தது என்றால் யாருக்கும் முகம் சுருங்கும். முக்கியமாக, அந்தப் பேச்சில்தான் இது வெறும் வேலைத் தகராறா என்று உனக்குத் தெரியவரும். ஒருவர் மற்றவரைக் கண்டு பயப்படுகிறார், சாதியைச் சொல்லிக் குத்தியிருக்கிறார், பாலியல் பேச்சு இருந்திருக்கிறது என்றால் இந்த மெயிலே போகக் கூடாது. பெண் ஊழியருக்குப் பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உள் புகார்க் குழுவின் வேலை. அங்கேகூட, பாதிக்கப்பட்ட பெண் தானே கேட்டால்தான் சமரசம் பேசலாம். நீ சமாதானம் பேசி முடிக்கிற விஷயம் அல்ல அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பாதே. சனி, ஞாயிறு முழுக்க இருவரும் அதையே நினைத்துப் புழுங்கிக்கொண்டிருப்பார்கள். திங்கள் காலை அனுப்பு. யாராவது ரிப்ளை ஆல் போட்டு வாதத்தை அங்கேயே ஆரம்பித்தால் மெயிலில் பதில் எழுதாதே. போன் எடுத்து, "இதைப் புதன்கிழமை அவர் எதிரிலேயே சொல்லுங்கள்" என்று மட்டும் சொல். வரமாட்டேன் என்பவரை வற்புறுத்தாதே, என்ன மாற்றினால் வருவார் என்று கேள். இரண்டு வாரம் கழித்து அரை மணி நேரம் மீண்டும் உட்காரும் தேதியையும் இதே மெயிலில் போட்டுவிடு.

அன்புடன்,
அண்ணன்