மலரின் மின்னஞ்சல்

அன்புள்ள சரசு,

உன் கடிதத்துக்கு ஐந்து வாரமாகப் பதில் போடாதது என் தப்புதான். அம்மா தேறிவிட்டாள். விமலாவைப் பார்த்தேன், இன்னும் அதே குடைதான்!

சரி, மலர் விஷயம். கோடை இன்டர்ன்ஷிப் கேட்டு நாற்பது பேராசிரியர்களுக்கு எழுதியும் ஒரு பதில்கூட வரவில்லை என்று அழுகிறாள் என்றாயே, அவள் அனுப்பியதைப் படித்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளுடைய மதிப்பெண்ணில் ஒரு குறையும் இல்லை. 'மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் உயர்ந்த ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்று தொடங்கியிருக்கிறாள். எந்த ஆய்வு? டிசம்பர், ஜனவரியில் எனக்கும் இப்படித் தினமும் வருகிறது, அதுவும் 'ஐயா' என்றே. இரண்டு வரிக்குள் என் ஆய்வுக்கூடத்தின் பெயரோ வேலையோ வராவிட்டால் நான் அடுத்ததற்குப் போய்விடுவேன்.

அவளிடம் நல்ல சரக்கு இருக்கிறதடி! கல்லூரித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பாக்டீரியா எடுத்து, அது பரப்பில் ஒட்டிக்கொண்டு பயோஃபிலிம் என்கிற வழவழப்பான படலம் கட்டுகிறதா என்று இரண்டு மாதம் கிரிஸ்டல் வயலட் சாயத்தால் அளந்திருக்கிறாள். அது சி.வி.யின் மூன்றாம் பக்கத்தில், கோலப் போட்டிச் சான்றிதழுக்குக் கீழே கிடக்கிறது.

பயோஃபிலிம் ஆராய்கிற ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய ஒரு கட்டுரையை முழுதாகப் படிக்கச் சொல். சுருக்கத்தை மட்டும் படித்திருந்தால் போனில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அப்புறம் இப்படி எழுதட்டும்: 'நான் மூன்றாம் ஆண்டு நுண்ணுயிரியல் மாணவி. உங்கள் கட்டுரையில் கிரிஸ்டல் வயலட் அளவைப் பார்த்தேன். அந்தச் சாயம் செத்த செல்களிலும் ஏறுமே, உயிருள்ளவற்றைத் தனியாக எண்ணினால் முடிவு மாறுமா? தொட்டி நீரில் இதே முறையை நானே 96 குழித் தட்டில் செய்திருக்கிறேன். மே 15 முதல் ஜூலை 10 வரை வர முடியும்.' அவ்வளவு போதும். தலைப்பு வரியில் மாதங்களும் பயோஃபிலிம் என்ற சொல்லும் இருக்க வேண்டும். சில ஆய்வுக்கூடங்கள் தலைப்பில் என்ன போட வேண்டும் என்று தங்கள் பக்கத்திலேயே சொல்லியிருக்கும், அதை முதலில் பார்க்கட்டும்.

சி.வி. ஒரே பக்கம், பி.டி.எஃப். பெயர் `Malar_CV.pdf`. படிப்பும் மதிப்பெண்ணும் முதலில், உடனே அந்தத் தொட்டி வேலை, பிறகு கையால் செய்யத் தெரிந்தவை, கடைசியில் அவளை நன்றாக அறிந்த ஓர் ஆசிரியரின் பெயர், அவரிடம் கேட்டுவிட்டு. அப்பா பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எதுவும் வேண்டாம்.

ஒரே கடிதத்தை நாற்பது பேருக்குப் போடாமல், வாரம் நான்கு பேருக்குத் தனித்தனியாக எழுதட்டும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தின் கீழே இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் வராவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். போன கோடையில் என் கூடத்தில் ஒரு மேசைகூடக் காலியில்லை. நல்ல கடிதம் எழுதிய இரண்டு பேரை நானே திருப்பி அனுப்பினேன்.

புதிதாக எழுதியதை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பச் சொல். அந்தத் தட்டில் எத்தனை குழி வீணாய்ப் போயிற்று என்றும் கேள், நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உன்,
வள்ளி