பைக் வாங்கும் முன் ஒரு கணக்கு

அன்புள்ள தம்பி,

வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஷேர் ஆட்டோவில் மாதம் 2,160 ரூபாய் ஆகிறது, பைக் வாங்கினால் பெட்ரோல் 1,600 தான் என்று எழுதியிருந்தாய். போக வர 30 கிலோமீட்டர், மாதம் 24 நாள், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று பார்த்தால் பெட்ரோல் கணக்கு சரிதான். ஆனால் பைக்கின் செலவு பெட்ரோலோடு நிற்பதில்லை.

ஒரு லட்சத்துக்கு வாங்கும் வண்டியை ஐந்து வருடம் கழித்து நாற்பதாயிரத்துக்கு விற்பாய் என்று வைத்துக்கொள். தேய்ந்துபோகிற அறுபதாயிரம், மாதத்துக்கு 1,000 ரூபாய். சர்வீஸ், ஆயில், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 500 ஆகும். ஆபீஸில் இடம் கிடையாது, பக்கத்து ஸ்டாண்டில் நாளுக்கு 20 என்றாயே, அது 480. ஆக மொத்தம் 3,580. தவணையில் எடுத்தால் வட்டியை மட்டும் இதோடு கூட்டு. அசலையும் கூட்டினால் வண்டியின் விலையை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். ஸ்டாண்டுக் காசை மிச்சம் பிடிக்க ரோட்டோரம் நிறுத்தாதே. போலீஸ் ஒரு தடவை தூக்கிக்கொண்டு போனால் பல நாள் ஸ்டாண்டுக் காசு அதிலேயே போய்விடும்.

மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய் பாஸ் இருக்கிறது. ஏசி பஸ்ஸிலும் ஏற வேண்டுமானால் 2,000. நீ சொன்னபடி ஒரு நடைக்கு பஸ்ஸில் 75 நிமிடம், ஆட்டோவில் 60, பைக்கில் 45. அதாவது பஸ்ஸை விட்டு பைக்குக்கு மாறினால் மாதம் 24 மணி நேரம் மிஞ்சும், 2,580 ரூபாய் கூடுதலாகும். ஒரு மணி நேரத்தை ஏறக்குறைய 108 ரூபாய் கொடுத்து வாங்குகிறாய். உன் சம்பளத்துக்கு அது அதிகமில்லைதான். ஆனால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் படிக்கலாம், தூங்கலாம். பைக்கில் அந்த நேரம் முழுக்க ரோட்டுக்கே. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பக்கம் தண்ணீர் நின்றால் அன்றைக்கு ஆட்டோவுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும், வண்டி வீட்டில் நின்றாலும் அதன் தேய்மானம் நிற்காது.

உன் 75 நிமிடத்தில் பஸ் ஓடுகிற நேரத்தைவிட, மேடவாக்கத்தில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற நேரம்தான் உறுத்துகிறது. காலையில் மட்டும் அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் பார். ஒரு நடை 25 ரூபாய் என்றால் மாதம் 600, பாஸோடு சேர்த்து 1,600. ஆனால் பாஸுக்கு நாளொன்றுக்குச் சுமார் 42 ரூபாய் விழுகிறது. ஆட்டோ போக மீதி பஸ் டிக்கெட் அதற்குக் கீழே வந்தால் பாஸ் எடுக்காமல் டிக்கெட்டே வாங்கிக்கொள்.

ஒரு வாரம் மேடவாக்கத்தில் எத்தனை நிமிடம் நிற்கிறாய், டிக்கெட் எவ்வளவு ஆகிறது என்று குறித்து அனுப்பு. அதைப் பார்த்தும் உனக்குப் பைக்தான் சரி என்று பட்டால் சொல், முன்பணம் நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா