கன்று காய்ந்து வந்தால் எதைப் படம் எடுப்பது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

குலசேகரத்திலிருந்து கிளம்பும் கன்று உங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் வாடிவிடுவது உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். அப்படி வந்தால் பணமோ மாற்றுக் கன்றோ கட்டாயம் தருவோம். ஆனால் எங்களுக்கு வருவது பெரும்பாலும் காய்ந்த இலையின் படம்தான். அந்த இலையை வைத்துக் கன்று செத்ததா, பிழைத்ததா என்று எங்களாலும் சொல்ல முடியாது.

இந்தக் கோடையில் கரூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு இரண்டு ரம்புட்டான் ஒட்டுக்கன்றுகள் அனுப்பியிருந்தோம். பார்சல் வழியில் தங்கிவிட்டது. இரண்டிலும் இலை சருகாகிவிட்டது என்று இரவில் டியூப் லைட் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பினார். மறுநாள் காலையில் தண்டை நகத்தால் மெல்லக் கீறிப் பார்க்கச் சொன்னோம். நுனியில் தொடங்கி, இரண்டு விரல் இடைவெளி விட்டு, ரகக் கிளையை அடிக்கன்றோடு ஒட்டிய இடமான ஒட்டு மூட்டு வரை கீழே வர வேண்டும். தோலுக்கு அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இல்லை.

முதல் கன்றில் நுனி மட்டும் பழுப்பு. ஒட்டு மூட்டுக்கு மேலே நல்ல பச்சை. காய்ந்த இலைகளும் தொட்டதும் உதிர்ந்தன. இது நல்ல அறிகுறி. இலையைக் கழற்றிவிடும் வேலையை உயிருள்ள தண்டுதான் செய்யும். செத்த தண்டில் இலை காய்ந்தபடியே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கன்றை நிழலில் வைத்து, உரம் எதுவும் போடாமல், பையின் மண் காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். மூன்றாவது வாரத்தில் துளிர் வந்தது.

இரண்டாவது கன்றில் மூட்டுக்கு மேலே முழுக்கப் பழுப்பு, கீழே பச்சை. அதுவும் பிழைத்துவிடும் என்று அவர் நினைத்தார். கீழேயிருந்து ஒரு முளைகூட எட்டிப் பார்த்தது. ஆனால் அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம் அல்ல, விதையில் முளைத்த அடிக்கன்று. ரம்புட்டானில் அப்படி வளர்வது ஆண் மரமாகவும் போகலாம், காயே பிடிக்காது. எனவே அது எங்கள் கணக்கில் செத்த கன்றுதான். அதற்கு மாற்றுக் கன்று அனுப்பினோம்.

ஆகவே எங்களுக்கு முக்கியமாக வேண்டியது, கீறிய இடமும் ஒட்டு மூட்டும் ஒன்றாகத் தெரியும் படம். பகல் வெளிச்சத்தில், பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து எடுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பச்சைகூடப் பழுப்பாகத் தெரியும். அதோடு பிரிக்காத பெட்டி, முகவரிச் சீட்டு, தண்ணீர் ஊற்றுவதற்கு முன் வேர் மண் எப்படி இருந்தது என்பதற்கும் ஒவ்வொரு படம் வேண்டும். மண் பொடியாக உதிர்ந்தால் வழியில் காய்ந்திருக்கிறது. மண் ஈரமாக இருந்தும் தண்டு கறுத்து நாற்றம் அடித்தால் பெட்டிக்குள் வெந்து அழுகியிருக்கிறது. கூரியரிடம் கேட்பதா, எங்கள் கட்டும் முறையை மாற்றுவதா என்பது இதை வைத்துத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பினால் தெளிவு குறையாது.

விதை வேறு மாதிரி. மிளகாய், வெண்டை விதைகள் காய்ந்துதான் இருக்க வேண்டும், அதில் குறை இல்லை. சந்தேகம் இருந்தால் பாக்கெட்டிலிருந்து 20 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, முளைத்ததையும் முளைக்காததையும் பிரித்து வைத்துப் படம் எடுங்கள். மிளகாய் மெதுவாக முளைக்கும், இரண்டு வாரமாவது பொறுங்கள். சான்று விதைக்கான குறைந்தபட்ச முளைப்புத்திறன் மிளகாய்க்கு 60 சதவீதம். எனவே 20-ல் நான்கைந்து முளைக்காததைக் குறையாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஜாதிக்காய், ரம்புட்டான், பலா விதைகள் இதற்கு நேர்மாறு. ஈரம் போனால் உயிரும் போய்விடும், அப்புறம் ஊற வைத்துப் பயனில்லை. அதனால்தான் ஈரமான தென்னை நார்க்கழிவில் பொதிந்து அனுப்புகிறோம். ஜாதிக்காயைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பருப்பு கலகலவென்று ஆடினால் உலர்ந்துவிட்டது, முளைக்காது. இதைப் படத்தில் காட்ட முடியாது, சத்தம் கேட்கும்படி சின்ன வீடியோ எடுத்தால் போதும்.

பார்சல் வந்த 24 மணி நேரத்துக்குள் முதல் படங்கள் வந்துவிட வேண்டும். பிறகு வெயிலில் வைத்தோ தண்ணீர் விடாமலோ வாடியதையும் வழியில் வாடியதையும் பிரித்தறிய எங்களுக்கு வேறு வழியில்லை. பிழைக்குமா என்று சந்தேகமாக உள்ள கன்றுக்கு முதல் படமே பதிவு. மூன்று வாரம் பார்த்தும் துளிர்க்காவிட்டால் அதே இடத்தை மறுபடி கீறிப் படம் அனுப்புங்கள், உங்கள் உரிமை அப்படியே இருக்கும். நாங்கள் பதில் சொல்லும்வரை கன்றையும் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டாம். திருப்பி அனுப்பவும் வேண்டாம். படங்களைப் பில்லில் உள்ள எண்ணுக்கு அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உங்கள் நர்சரியார்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்