ஒரே விற்பனையாளர் பெயரோடு குறிப்பு அனுப்பும் ஆய்வக நண்பர்களுக்கு

வணக்கம். பல வருடங்கள் தணிக்கையில் இருந்து, பிறகு கொள்முதல் பிரிவுக்கு வந்தவன் நான். டெண்டர் இல்லாமல் ஒருவரிடமே வாங்க வேண்டும் என்று நீங்கள் அனுப்பும் குறிப்புகளில் முக்கால்வாசி நியாயமானவைதான். ஆனால் அந்த நியாயம் உங்களுக்குத் தெரிகிறது. மூன்று வருடம் கழித்துக் கோப்பைத் திறக்கும் ஆடிட்டருக்குத் தெரிவதில்லை. அன்றைக்கு எடுத்துச் சொல்ல நீங்கள் அந்த நாற்காலியில் இருப்பீர்களா என்பதும் சந்தேகம்.

அண்மையில் வந்த சென்ட்ரிஃபியூஜ் ரோட்டர் குறிப்பையே எடுத்துக்கொள்வோம். “இக்கருவிக்கான ரோட்டரை இந்நிறுவனம் மட்டுமே தயாரிக்கிறது. தரம் மிகச் சிறப்பானது. அவசரத் தேவை. எனவே ஒப்புதல் வேண்டப்படுகிறது.” இணைப்பாக, அந்த நிறுவனமே எழுதிக் கொடுத்த சான்றிதழ். விற்பவர் தன்னைத் தவிர வேறு ஆள் இல்லை என்று சொல்வதை யார் ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள்?

முதல் வாக்கியமே தப்பு. அந்த மாடலில் பொருந்தும் என்று சொல்லி ரோட்டர் விற்கும் வேறு நிறுவனங்கள் உண்டு. கொஞ்ச நேரம் தேடினாலே கிடைக்கின்றன. ஆடிட்டர் அதில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் மீதிக் குறிப்பையும் நம்பமாட்டார். அதனால் இப்படி மாற்றினோம்: வேறு இரண்டு தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள், இருவரையும் எழுத்தில் கேட்டோம். ஒருவருடைய ரோட்டர் நிமிடத்துக்கு 22,000 சுற்றுக்கு மேல் போகாது. இன்னொருவர் நம் கருவியின் மாடலுக்குப் பொருந்தும் என்று எழுத்தில் உறுதி தரவில்லை. இவ்வளவு வேகத்தில் சுற்றும் ரோட்டர் உடைந்தால் கருவியே சிதறக்கூடும் என்பதால், வாய்ச்சொல்லை நம்பி வாங்க முடியாது. இரண்டு பதில்களும் தேதியோடு கோப்பில் இருக்கின்றன.

சரி, 22,000 ஏன் போதாது? இங்கேதான் பல குறிப்புகள் சறுக்குகின்றன. உங்கள் ஸ்பெசிஃபிகேஷனில் 30,000 என்று இருந்தது. அது பிரோஷரில் அச்சிட்டிருந்த உச்ச வேகம், ஆய்வகத்தின் தேவை அல்ல. பிரோஷரைப் பார்த்து எழுதிய ஸ்பெசிஃபிகேஷனுக்கு அந்த பிரோஷர்காரர் மட்டும்தானே பொருந்துவார்! கருவியின் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தேன். வழக்கமாகச் செய்யும் மூன்று சோதனைகள் 26,000-இல் ஓடியிருந்தன. அந்த எண்தான் குறிப்பில் ஏறியது, பதிவேட்டுப் பக்கங்களின் நகலோடு. ஒருவேளை பதிவேட்டில் 20,000-ஐ எதுவும் தாண்டாமல் இருந்திருந்தால் அந்த முதல் தயாரிப்பாளரும் போட்டிக்கு வந்திருப்பார். நானே கொட்டேஷன் கேட்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

“தரம் சிறப்பானது” என்பதை அடித்துவிட்டேன். எதைவிடச் சிறப்பு? ஒப்பிடுகிறீர்கள் என்றால் வேறு பொருள் இருக்கிறது என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. “அவசரம்” என்பதும் போயிற்று. ரோட்டருக்கு இத்தனை ஓட்டம், இத்தனை வருடம் என்று தயாரிப்பாளர் ஆயுள் குறித்திருக்கிறார். அது முடியப்போவது பதிவேட்டில் வெகு நாளாகத் தெரிந்த விஷயம். நாமே தாமதித்து உண்டாக்கிய அவசரத்தைக் காரணமாகக் காட்டினால் ஆடிட்டர் அதற்கென்று தனியாக ஒரு பத்தி எழுதுவார்.

அப்புறம் விலை. ஒருவரிடம்தான் வாங்க வேண்டும் என்பது நிரூபணமானாலும், அவர் சொன்ன விலை சரி என்று ஆகிவிடாது. உங்கள் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான்கு வருடத்துக்கு முன் வாங்கிய விலையை 100 என்று வைத்தால், இப்போது கேட்டது 131. வேறு வாடிக்கையாளர்களுக்கு அதே ரோட்டரை விற்ற பில்களைக் கேட்டோம். பெயரை மறைத்து இரண்டு கொடுத்தார்கள். ஒன்று 118, மற்றது 120. பேசி 119-க்கு வந்தது. யார் யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு கையெழுத்தோடு கோப்பில் வைத்தோம். “இதுவே எங்கள் மிகக் குறைந்த விலை” என்று விற்பனையாளர் தரும் கடிதம் அந்தப் பில்களுக்கு ஈடாகாது.

அதே குறிப்பில் குழாய்களும் மூடிகளும் சேர்த்திருந்தீர்கள். அவை பலரிடம் கிடைப்பவை. ரோட்டருக்குச் சொன்ன காரணம் அவற்றுக்குப் பொருந்தாது. பிரித்துத் தனிக் கொட்டேஷனுக்கு அனுப்பிவிட்டேன்.

திருத்திய குறிப்பு ஒன்றரைப் பக்கம்தான். என் அலமாரியில் இருக்கிறது, வந்து பார்க்கலாம். அடுத்த முறை சான்றிதழை அனுப்பும் முன் கருவியின் பதிவேட்டு நகலை அனுப்புங்கள்; நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இப்படிக்கு,
கொள்முதல் பிரிவில் உங்கள் கோப்புகளைப் படிப்பவன்